குதிரை நிறம் மாறினால் சரி

குதிரையின் நடையைச் சொல்லித்தர அரை நிமிடம் போதும்: நேராக இரண்டு கட்டம், பிறகு பக்கவாட்டில் ஒன்று. நடுவில் எந்தக் காய் நின்றாலும் தாண்டிவிடும். ஆனால் குழந்தை அதைத் தவறில்லாமல் நகர்த்தப் பல வகுப்புகள் ஆகும்.

தவறு பெரும்பாலும் எண்ணுவதில்தான். குதிரை நிற்கும் கட்டத்தையே ‘ஒன்று’ என்று எண்ணத் தொடங்கும் குழந்தை, மூலைவாட்டில் பக்கத்துக் கட்டத்தில் கொண்டுபோய் வைக்கும். பக்கவாட்டிலும் இரண்டு கட்டம் தள்ளிவிடும் குழந்தைகளும் உண்டு. இரண்டையும் ஒரே கேள்வியில் பிடித்துவிடலாம்: “நிறம் மாறிச்சா கண்ணா?” கறுப்புக் கட்டத்திலிருந்து கிளம்பும் குதிரை எப்போதும் வெள்ளையில்தான் இறங்கும். மேற்சொன்ன இரண்டு தவறுகளிலும் நிறம் மாறாது. விதியை மறுபடி விளக்குவதைவிட, இதைக் குழந்தையே சரிபார்க்கப் பழக்குவது நல்லது.

அடுத்தது புதிர். பலகையில் வெள்ளைக் குதிரை பி1-இல் நிற்கிறது. கறுப்புச் சிப்பாய்கள் சி3, டி5, இ4, எஃப்6, ஜி3 கட்டங்களில். சிப்பாய்கள் நகராது, குதிரை ஒவ்வொரு நகர்விலும் ஒன்றை வெட்டி, ஐந்தே நகர்வில் எல்லாவற்றையும் எடுக்க வேண்டும். முதலில் சி3, அதில் குழப்பமில்லை. அங்கிருந்து இ4, டி5 இரண்டும் எட்டும். இ4-க்குப் பாய்ந்தால் ஆட்டம் கெட்டது. அங்கிருந்து ஜி3-ஐ எடுத்தால் மற்ற இரண்டும் எட்டாது. எஃப்6, டி5 என்று போனால் ஜி3 தங்கிவிடும். ஜி3-க்குப் போக இ4 ஒன்றுதான் வழி என்று கவனித்த குழந்தை அதைக் கடைசிக்கு ஒதுக்கும்: சி3, டி5, எஃப்6, இ4, ஜி3. இப்படிப் பின்னாலிருந்து யோசிப்பதற்குத்தான் இந்தப் புதிர். விடையை ஆசிரியர் சொல்லிவிட்டால் வீண்.

பிறகு விளையாட்டு. ஆளுக்கு ஒரு ராஜா, இரண்டு குதிரை, எட்டுச் சிப்பாய் மட்டும். ராணியும் யானையும் இல்லாததால் குதிரையை நகர்த்தாமல் ஒப்பேற்ற முடியாது. ஓரத்தில் ஒதுங்கிய குதிரையின் பலவீனமும் இதில் தெரியவரும். நடுவில் நின்றால் எட்டுக் கட்டங்களுக்குப் போகலாம், மூலையில் இரண்டுக்குத்தான். ஏ1 மூலையிலிருந்து ஒட்டியிருக்கும் பி2-க்குப் போகவே நான்கு நகர்வுகள் வேண்டும். நம்பாத குழந்தைகளைப் பலகையில் முயன்று பார்க்க விடுங்கள்.

கடைசியாக யானையையும் சேர்க்கலாம். கறுப்பு ராஜா இ8-இல், யானை ஏ8-இல். வெள்ளைக் குதிரை சி7-இல் குதித்தால் ராஜாவுக்குச் செக், யானைக்கும் அடி. குதிரையின் செக்கை இடையில் காய் வைத்து மறைக்க முடியாது. குதிரையை வெட்ட ஆளில்லையென்றால் ராஜா நகர்ந்தே ஆக வேண்டும், யானை போய்விடும். இங்கும் நிறமே துப்பு. குதிரை ஒரே நேரத்தில் தாக்கும் கட்டங்கள் எல்லாம் ஒரே நிறம். எதிரியின் குதிரை பக்கத்தில் வரும்போது, உங்கள் ராஜாவும் யானையும் ஒரே நிறக் கட்டங்களில் நிற்கின்றனவா என்று முதலில் பாருங்கள்.