ஆஃபர் கையில் வந்தபின் விலகிக்கொள்வது

ஒரே சமயத்தில் மூன்று நான்கு நிறுவனங்களுக்கு விண்ணப்பித்து, அவற்றில் நல்லது அமைந்ததும் மற்றவற்றிலிருந்து விலகிக்கொள்வது வேலை தேடுவோர் பலரும் செய்வதுதான். எச்.ஆர். பிரிவினருக்கும் இது தெரியும். ஒருவர் விலகிவிட்டார் என்பதற்காக அவர்கள் அதிகம் வருந்துவதில்லை. சொல்லாமல் விட்டதும், சொல்லத் தாமதித்ததும்தான் அவர்களுக்குக் கசப்பாக நினைவில் நிற்கும். எனவே விலகல் கடிதத்தில் நடையழகைவிட அது போய்ச் சேரும் நாள்தான் பெரிது.

இந்தியாவின் ஐ.டி. துறையில் இந்தத் தாமதத்தின் விலை சற்று அதிகம். அங்கே பல நிறுவனங்களில் நோட்டீஸ் பீரியட் 60 அல்லது 90 நாள். ஒருவரைத் தேர்ந்தெடுத்த நிறுவனம், அவர் பழைய வேலையிலிருந்து விடுபட்டு வரும்வரை இரண்டு மூன்று மாதம் அந்த இடத்தைக் காலியாக வைத்துக் காத்திருக்கிறது. சேர வேண்டிய நாளன்று அவர் வராமல் போனால் தேடல் முதலிலிருந்து தொடங்கும். புதிதாகக் கிடைப்பவருக்கும் 90 நாள் நோட்டீஸ் இருந்தால் அந்த இடம் அரை ஆண்டுக்கு மேல் காலி. இதற்கிடையில், முதல் தேர்வில் இரண்டாம் இடத்தில் இருந்தவரும் வேறெங்காவது சேர்ந்திருப்பார். இரண்டாமவர் இன்னும் கைக்கெட்டும் தொலைவில் இருக்கும்போதே விலகலைத் தெரிவிப்பதுதான் நிறுவனத்துக்குச் செய்யும் உண்மையான உதவி.

அதற்காக அவசரப்பட்டும் விலகிவிடக் கூடாது. "நீங்கள் செலக்ட் ஆகிவிட்டீர்கள்" என்று தொலைபேசியில் வரும் செய்தி இன்னும் வேலையாகிவிடவில்லை. பட்ஜெட் ஒப்புதல் கிடைக்காமல் அது நின்றுபோவதும் உண்டு. பதவி, சம்பளம், சேர வேண்டிய நாள் மூன்றும் எழுதப்பட்ட ஆஃபர் லெட்டர் வந்து, அதைப் படித்து ஏற்றுக்கொண்டு பதில் அனுப்பிய பிறகே மற்ற இடங்களுக்குச் சொல்ல வேண்டும். முந்தைய வேலைகளைப் பற்றிய சரிபார்ப்பு முடிந்தால்தான் ஆஃபர் செல்லும் என்ற நிபந்தனை பெரும்பாலான கடிதங்களில் இருக்கும். விவரங்களை உண்மையாகக் கொடுத்தவர் அதற்காகக் காத்திருக்கத் தேவையில்லை.

சென்னையில் மென்பொருள் சோதனைப் பணியில் இருக்கும் ஒருவரை எடுத்துக்கொள்ளலாம். ஒரு நிறுவனத்தில் இரண்டு சுற்று நேர்காணல் முடிந்து, கடைசிச் சுற்று வெள்ளிக்கிழமை காலை என்று குறித்திருக்கிறார்கள். செவ்வாய் மாலை மற்றொரு நிறுவனத்தின் ஆஃபர் லெட்டர் வருகிறது. வீட்டில் பேசி முடிவெடுத்து, புதன் காலை அதை ஏற்றுப் பதில் அனுப்புகிறார். முதல் நிறுவனத்துக்குச் சொல்ல வேண்டிய நாளும் அந்தப் புதன்தான். வெள்ளிக்கிழமை நேர்காணலுக்காக இரண்டு மேலாளர்கள் ஒதுக்கிவைத்த நேரத்தை எச்.ஆர். வேறொருவருக்குக் கொடுக்க அப்போது இன்னும் இரண்டு நாள் இருக்கும். வியாழன் இரவு சொன்னால் அதே செய்திக்குப் பாதி மதிப்புதான். "அனுபவத்துக்காகப் போய்ப் பார்ப்போமே" என்று அந்த நேர்காணலில் உட்கார்ந்துவிட்டுப் பிறகு விலகுவது இன்னும் மோசம். தேதிகளை ஒப்பிட்டால் தெரிந்துவிடும்.

முதலில் தொலைபேசி, உடனே மின்னஞ்சல் என்பது நல்ல வரிசை. விண்ணப்பித்ததோடு நின்று, யாரிடமும் பேசியிராத இடமென்றால் மின்னஞ்சல் மட்டும் போதும். பல நிறுவனங்களின் தளத்தில் விண்ணப்பத்தைத் திரும்பப் பெறும் பொத்தான் உண்டு. அதை அழுத்தினால் பதிவேட்டில் நிலை மாறும், ஆனால் எச்.ஆர். அலுவலர் அதை அன்றே பார்ப்பார் என்று சொல்ல முடியாது. நேர்காணல்வரை போனவர் மின்னஞ்சலும் அனுப்பியாக வேண்டும். நேர்காணல் அழைப்பு வந்த அதே மின்னஞ்சல் தொடரில் பதில் எழுதினால், எந்தப் பதவி, எந்த விண்ணப்ப எண் என்று அவர் தேட வேண்டியிருக்காது.

மேலே சொன்னவர் எழுத வேண்டியது இவ்வளவுதான்: "காலையில் தொலைபேசியில் தெரிவித்தபடி, மூத்த சோதனைப் பொறியாளர் பணிக்கான என் விண்ணப்பத்தைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். வேறொரு நிறுவனத்தின் பணிவாய்ப்பை ஏற்றுக்கொண்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமை நேர்காணலை ரத்து செய்துவிடும்படி கேட்டுக்கொள்கிறேன். இரண்டாம் சுற்றில் உங்கள் குழு தானியங்கிச் சோதனை முறையை விளக்கிய விதம் எனக்குப் பயனுள்ளதாக இருந்தது. நேரம் ஒதுக்கிய அனைவருக்கும் நன்றி." இதில் வேலை செய்யும் வரி நான்காவது. பொதுவான நன்றியை எல்லாரும் எழுதுவார்கள். நேர்காணலில் நடந்த ஒன்றைக் குறிப்பிட்டால்தான் எழுதியவர் யாரென்று குழுவுக்கு நினைவு வரும். திரும்பத் திரும்ப மன்னிப்புக் கேட்பதும், நிறுவனத்தின் குறைகளை எடுத்துச் சொல்வதும் வேண்டாதவை.

தொலைபேசியில் இரண்டு கேள்விகள் அநேகமாக வரும்: எந்த நிறுவனம், எவ்வளவு தருகிறார்கள்? இரண்டுக்கும் பதில் சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லை. "சேர்ந்த பிறகு சொல்கிறேன் சார், இப்போதைக்கு முடிவு எடுத்துவிட்டேன்" என்றால் யாரும் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். அம்மாவுக்கு உடம்பு சரியில்லை, ஊரைவிட்டு வர முடியாது என்று பொய்க்காரணம் சொன்னால், லிங்க்ட்இன்னில் புதிய வேலையைப் பதிவிடும் நாளில் அது உடைந்துவிடும். கூடுதல் சம்பளம் தருகிறோம் என்று அவர்கள் சொன்னாலும், வேறிடத்தில் ஏற்றுக்கொண்டபின் அந்தப் பேச்சை வளர்ப்பது இரண்டு இடத்திலும் பெயரைக் கெடுக்கும். பேரம் பேசும் எண்ணம் இருந்தால் அதற்குரிய நேரம் ஆஃபரை ஏற்பதற்கு முந்தைய நாள்.

கன்சல்டன்சி வழியாகப் போனவர் முதலில் அவர்களிடம் சொல்ல வேண்டும். ஆள் வேலையில் சேர்ந்தால்தான் பெரும்பாலும் அவர்களுக்குக் கட்டணம் கிடைக்கும். அதனால் கொஞ்சம் அழுத்தம் கொடுப்பார்கள். செய்தியை நிறுவனத்துக்குச் சொல்லாமல் ஓரிரு நாள் தள்ளிப்போடவும் செய்வார்கள். எச்.ஆர். முகவரி கையில் இருந்தால் மின்னஞ்சலை இருவருக்கும் சேர்த்தே அனுப்பிவிடுவது நல்லது. அங்கே வேலை செய்யும் நண்பர் பரிந்துரைத்திருந்தால், எச்.ஆருக்குச் சொல்லும் முன் அவருக்குச் சொல்ல வேண்டும். பிறர் வாயிலாக அவர் கேள்விப்படுவது அழகல்ல.

ஆஃபரை ஏற்றுக் கையெழுத்திட்ட பிறகு விலகுவது வேறு வகை. அங்கே விண்ணப்பம் முடிந்து ஒப்பந்தம் தொடங்கிவிட்டது. ஒருவரை இந்த நிறுவனத்தில்தான் வேலை செய்ய வேண்டும் என்று இந்தியாவில் நீதிமன்றங்கள் பொதுவாகக் கட்டாயப்படுத்துவதில்லை. 1963ஆம் ஆண்டின் தனிநிலைத் தீர்வுச் சட்டத்தில் அதற்கு இடமில்லை. ஆனால் ஒப்பந்தத்தை மீறியதால் நேர்ந்த இழப்புக்கு ஈடு கேட்க 1872ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டம் வழி வைத்திருக்கிறது. எனவே சேராமல் விலகினால் என்ன என்று ஆஃபர் லெட்டரில் எழுதியிருக்கிறதா என்பதை முதலில் பார்க்க வேண்டும். பிறகு எச்.ஆரை நேரடியாக அழைத்து, தான் ஏற்றுக்கொண்டதை மாற்றுவதை ஒப்புக்கொண்டு சொல்ல வேண்டும். இங்கே ஒரு மன்னிப்பு பொருந்தும். சேருவதற்கு முன்பே ஜாயினிங் போனஸ் வந்திருந்தாலோ, கூரியரில் மடிக்கணினி வந்திருந்தாலோ, எந்தத் தேதியில் திருப்பித் தருவதென்று அந்த அழைப்பிலேயே கேட்டுக்கொள்ள வேண்டும். திருப்பிக் கொடுத்ததற்கும் ஆஃபர் ரத்தானதற்கும் எழுத்தில் ஒரு பதிலை வாங்கி வைத்துக்கொள்வதோடு கணக்கு முடியும்.