மாநாட்டு உரைக்கு மூன்று வரி அறிவிப்பு

மாநாட்டில் உரையாற்ற இருப்பவர் தன் படத்தையோ மாநாட்டின் சுவரொட்டியையோ சமூக ஊடகத்தில் இட்டு, அதன் கீழே சில வரிகள் எழுதுகிறார். என்ன தலைப்பு, எந்த அமர்வு, கேட்பவருக்கு என்ன கிடைக்கும் என்பவற்றை அந்த வரிகள் சொல்ல வேண்டும். பெரிய மாநாடுகளில் ஒரே நேரத்தில் பல அரங்குகளில் உரைகள் நடக்கும். எந்த அரங்குக்குள் நுழைவது என்று கைபேசியைப் பார்த்தபடி நடப்பவர்தான் இந்த வாசகத்தின் உண்மையான வாசகர். ஆனால் பெரும்பாலான அறிவிப்புகள் 'பெருமகிழ்ச்சி அடைகிறேன்' என்று தொடங்குகின்றன. அந்த வாசகருக்கு அந்த மகிழ்ச்சியால் ஒரு பயனும் இல்லை.

நீண்ட பதிவுகளின் முதல் சில வரிகள் மட்டுமே திரையில் தெரியும். மீதியைத் தட்டித் திறக்க வேண்டும். ஆகவே முதல் வரியிலேயே பொருள் வந்துவிட வேண்டும். எக்ஸ் தளத்தில் வழக்கமான பதிவுக்கு 280 குறிகள்தான் இடம். தமிழில் உயிர்மெய்யின் துணைக்குறியும் தனியாக எண்ணப்படுவதால், 'மாநாடு' என்ற மூன்றெழுத்துச் சொல் ஆறாகக் கணக்காகிறது. சுருக்கமாக எழுதுவது அங்கே விருப்பமல்ல, கட்டாயம்.

ஒரு வேளாண் மாநாட்டில் சொட்டுநீர்க் குழாய் அடைப்பு பற்றி ஒரு பொறியாளர் பேசப் போவதாக வைத்துக்கொள்வோம். அமர்வு காலை 10.00 முதல் 11.30 வரை. நான்கு உரைகள், தலைக்கு 20 நிமிடம், கடைசி 10 நிமிடம் கேள்விகளுக்கு. நிகழ்ச்சி நிரலில் அமர்வின் நேரம் 10.00 என்றுதான் அச்சாகியிருக்கும். அவர் மூன்றாவதாகப் பேசுகிறார் என்றால் அவருடைய நேரம் 10.40. 'காலை 10 மணிக்கு என் உரை' என்று எழுதினால், நம்பி வந்தவர் இரண்டு உரைகள் முடியும் வரை காத்திருப்பார்; இன்னொரு அரங்கில் வேலை இருந்தால் நடுவிலேயே எழுந்தும் போய்விடுவார். இடமுள்ள பதிவில் அமர்வின் தொடக்கம், தன் முறை, அரங்கு மூன்றையும் சொல்லிவிடலாம். இடமில்லையென்றால் தன் நேரத்தையும் அரங்கையும் மட்டும் சொன்னால் போதும். தேதியோடு கிழமையையும் சேர்ப்பது நல்லது. தேதி தவறாக அச்சேறினாலும் கிழமை அதைக் காட்டிக்கொடுத்துவிடும்.

இணையவழி உரையென்றால் நேரமண்டலம் கட்டாயம் வேண்டும். நியூயார்க்கில் காலை 10 மணி என்பது ஜூலையில் இந்தியாவில் இரவு 7.30, டிசம்பரில் 8.30. அங்கே கோடையில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே நகர்த்துவதுதான் காரணம். 'ஐ.எஸ்.டி' என்ற சுருக்கமும் ஆபத்தானது. இந்தியா, இஸ்ரேல், அயர்லாந்து மூன்றும் அதைப் பயன்படுத்துகின்றன. 'இந்திய நேரம்' என்று விரித்து எழுதினால் குழப்பமில்லை.

கடினமான பகுதி, என்ன கற்கலாம் என்று சொல்வது. 'அடைப்பு பற்றிய புரிதல் கிடைக்கும்' என்ற வரி எதையும் சொல்லவில்லை. கற்றல் நோக்கங்களை எழுதுவது பற்றி அமெரிக்கக் கல்வியியலாளர் ராபர்ட் மேகர் 1962-இல் ஒரு சிறு நூல் எழுதினார். கற்றவர் செய்துகாட்டக்கூடிய செயலாக நோக்கத்தை எழுதவேண்டும் என்பது அதன் மையக் கருத்து. 'அறிவார்', 'உணர்வார்' போன்ற சொற்களைக் கண்ணால் பார்த்துச் சரிபார்க்க முடியாது. 'கண்டறிவார்', 'கணக்கிடுவார்', 'தேர்ந்தெடுப்பார்' என்றால் முடியும். நம் பொறியாளருக்கு இது இப்படி உதவும்: சொட்டுவானில் வெள்ளைப் படிவு இருந்தால் பெரும்பாலும் சுண்ணாம்பு உப்பு, பச்சை வழவழப்பு என்றால் பாசி, துருநிறக் கசடு என்றால் இரும்பு. சுண்ணாம்புக்கு அமிலம், பாசிக்குக் குளோரின். எனவே அவருடைய வாசகம் இப்படி அமையலாம்:

'சொட்டுவான் அடைத்துக்கொண்டதா? கசடின் நிறத்தைப் பார்த்தே காரணத்தைக் கண்டறிந்து, அமிலமா குளோரினா என்று முடிவெடுக்கலாம். ஜனவரி 10, சனி, காலை 10.40, இரண்டாம் அரங்கு.'

20 நிமிடத்தில் இதைக் கற்றுக்கொடுக்க முடியும். அமிலத்தின் அளவைக் கணக்கிடுவதையும் சேர்த்து அறிவித்திருந்தால் முடியாது. அதற்கு நீரின் காரத்தன்மையைச் சோதிக்கவும் கற்றுத்தர வேண்டியிருக்கும். அந்தக் கணக்கை நம்பி வந்தவர் கேள்வி நேரத்தில் அதைத்தான் கேட்பார். எழுதிய வாக்குறுதி உரைக்குள் அடங்குமா என்று பார்க்க எளிய வழி உண்டு. ஒவ்வொரு வினைச்சொல்லுக்கும் எதிரே, உரையில் அது எந்த நிமிடத்தில் வருகிறது என்று குறிக்கலாம். எதிரே ஒன்றும் எழுத முடியாத வினைச்சொல்லை நீக்கிவிட வேண்டும்.

நேரமும் அரங்கும் படத்துக்குள் மட்டும் இருப்பது அடிக்கடி நேரும் பிழை. பார்வையற்றோர் பயன்படுத்தும் திரைவாசிப்பான் படத்துக்குள் இருப்பதைப் படிப்பது உறுதியில்லை. அதே விவரம் எழுத்திலும் இருக்க வேண்டும். அமைப்பாளர்கள் நிரலை வெளியிடுவதற்கு முன்பே நேரத்தை அறிவிப்பதும் வம்பு; அமர்வுகள் கடைசி வாரம் வரை இடம்மாறும். மாறிவிட்டால் புதுப் பதிவு மட்டும் போடுவது போதாது, பழையதையே திருத்த வேண்டும். ஏற்கெனவே பகிரப்பட்டிருப்பது பழைய பதிவுதான். திருத்த முடியாத தளமென்றால் அதை நீக்கிவிட்டு மறுபடி இடுவதே வழி.