மீன் கடைக்கு ஒரு புகார்க் கடிதம்

கெட்ட மீனை விற்ற கடைக்காரரிடம் சண்டை போடுகிறவர்கள் உண்டு, இனி அந்தப் பக்கமே போவதில்லை என்று வேறு கடை பார்க்கிறவர்களும் உண்டு. உட்கார்ந்து கடிதம் எழுதுகிறவர்கள் குறைவு. எழுதுகிறவர்களும் பெரும்பாலும் ஒரே வரியில்தான் தொடங்குகிறார்கள்: "ஐஸில் வைத்த மீனை ஃபிரெஷ் மீன் என்று சொல்லி விற்றுவிட்டீர்கள்." அந்த வரியிலேயே புகார் தோற்றுவிடுகிறது. "ஐஸ் போடாம மீன் எப்படிம்மா கடைக்கு வரும்?" என்று கடைக்காரர் கேட்பார். அவர் கேட்பது நியாயம்தான்.

சென்னை காசிமேட்டிலோ நாகப்பட்டினத்திலோ கரைக்கு வரும் விசைப்படகுகளில் பல, நாள்கணக்கில் கடலில் தங்கிப் பிடிப்பவை. போகும்போதே உடைத்த ஐஸை ஏற்றிக்கொண்டு போய், பிடித்த மீனை அந்தந்த நாளே ஐஸில் அடுக்கிவிடுவார்கள். மீனுக்குச் சரிக்குச் சரி எடையில் ஐஸ் போட்டு, உருக உருக மறுபடியும் போட்டு, உருகிய தண்ணீர் வடிந்து போக வழியும் வைத்தால் மீன் நன்றாகவே இருக்கும். பூஜ்யம் டிகிரியில் நாலு நாளில் வரும் கெடுதல், பத்து டிகிரி சூட்டில் ஒரே நாளில் வந்துவிடும். ஐஸே காணாமல் வெயிலில் ஆறு மணி நேரம் கிடந்த மீனைவிட, ஒழுங்காக ஐஸில் இருந்த நாலு நாள் மீன் நல்ல மீன்.

சட்டமும் இதையேதான் சொல்கிறது. உணவு விளம்பரங்களுக்காக 2018-இல் வந்த ஒழுங்குமுறையின்படி, கழுவியது, வெட்டியது, குளிரவைத்தது என்ற அளவில் நிற்கும் பொருளை 'ஃபிரெஷ்' என்று சொல்லலாம். உறையவைத்து இளக்கியதை வெறுமனே அப்படிச் சொல்லக் கூடாது. ஆகவே புகாரில் நிற்கவேண்டிய குற்றச்சாட்டுகள் இரண்டு. மீன் நாள்பட்டது என்பது ஒன்று. அதை இன்று பிடித்தது என்று சொல்லி விற்றார்கள் என்பது இன்னொன்று. ஐஸை அதில் இழுக்கவே வேண்டாம்.

எனக்குத் தெரிந்த ஒரு அம்மா போன வருஷம் மே மாதம் இப்படி ஒரு கடிதம் எழுதினார். சென்னையின் மேற்குப் பக்கம் அவர் வீடு. தெருமுனைக் கடையில் 'இன்றைய மீன்' என்று பலகை எழுதித் தொங்கவிட்டிருந்தார்கள். கானாங்கெளுத்தி கிலோ 280 ரூபாய். "இன்னிக்குப் புடிச்சதாண்ணே?" என்று கேட்டிருக்கிறார். "விடியக்காலம் புடிச்சதும்மா, காசிமேட்டு மீனு" என்று பதில் வந்திருக்கிறது. ஒன்றரைக் கிலோ வாங்கி, 420 ரூபாய்க்குப் பில்லும் கேட்டு வாங்கிக்கொண்டார்.

வீட்டில் கழுவ எடுத்தபோது எட்டு மீனில் மூன்றுக்கு வயிறு வெடித்திருந்தது. செவுள் காப்பிக் கொட்டை நிறத்தில், பிசுபிசுவென்று இருந்தது. தலையைப் பிடித்துத் தூக்கினால் உடம்பு தொங்கியது. அவர் முதலில் எழுதிய கடிதத்தில் கோபம் முழுக்க இருந்தது, இந்த விவரம் எதுவுமே இல்லை. "அழுகல் மீனை விற்று மக்கள் உயிரோடு விளையாடுகிறீர்கள்" என்று ஆரம்பித்திருந்தார். அதை அனுப்பாமல் கிழித்துவிட்டு, மறுபடியும் எழுதியது இது:

"கடை உரிமையாளர் அவர்களுக்கு, வணக்கம். இன்று காலை 9 மணியளவில் உங்கள் கடையில் ஒன்றரைக் கிலோ கானாங்கெளுத்தி வாங்கினேன். பில் நகல் இணைத்துள்ளேன். பலகையில் 'இன்றைய மீன்' என்று இருந்தது. விடியற்காலையில் காசிமேட்டில் பிடித்தது என்று உங்கள் கடைப் பையன் சொன்னார்.

வீட்டுக்கு வந்து அரை மணி நேரத்துக்குள் மீனைப் பார்த்தேன். மூன்று மீனின் வயிறு வெடித்துக் குடல் வெளியே தெரிந்தது. செவுள் பழுப்பாக இருந்தது, புளித்த வாடை அடித்தது. அழுத்திய இடத்தில் குழி அப்படியே நின்றது. ஒரு மீனைப் பிளந்து பார்த்ததில் நடுமுள்ளை ஒட்டிச் சதை செம்பழுப்பாக இருந்தது. படங்கள் இணைத்துள்ளேன்.

மீனை ஐஸில் வைத்தது பற்றி எனக்குப் புகார் இல்லை. நாள்பட்ட மீனை அன்று பிடித்தது என்று சொன்னதுதான் என் புகார். இந்த மீனை எந்தத் தேதியில், யாரிடம் கொள்முதல் செய்தீர்கள் என்று தெரிவிக்கவும். என் பணம் 420 ரூபாயைத் திருப்பித் தரவும். அந்தப் பெட்டியில் மீதமுள்ள மீனை விற்காமல் நிறுத்திவைக்கவும். ஏழு நாளில் பதில் இல்லையென்றால் உணவுப் பாதுகாப்புத் துறையிடம் புகார் அளிப்பேன்."

இந்தக் கடிதத்தின் பலம், கண்ணால் கண்டதை மட்டும் சொல்வதில் இருக்கிறது. எத்தனை நாள் பழைய மீன் என்று அவர் எங்கும் எழுதவில்லை. அது சரியான முடிவு, ஏனென்றால் எந்தப் பரிசோதனைக்கூடமும் மீன் பிடிபட்ட தேதியைக் கண்டுபிடித்துச் சொல்லாது. எவ்வளவு கெட்டிருக்கிறது என்றுதான் சொல்ல முடியும்.

அவர் எழுதிய அடையாளங்களும் யோசித்து எடுத்தவை. மீன் வாங்கப் போகிறவர்கள் எல்லோரும் முதலில் கண்ணைப் பார்ப்பார்கள். ஆனால் ஐஸ் நேரே பட்டால் நல்ல மீனின் கண்ணும் வெளுத்துப்போகும், ஐஸ் தண்ணீரில் ஊறினால் செவுளின் சிவப்பும் கழுவிப் போய்விடும். கண் மங்கல் என்று மட்டும் எழுதினால் கடைக்காரர் ஐஸைக் காட்டித் தப்பித்துக்கொள்வார். வயிறு வெடிப்பதற்கு வேறு காரணம் சொல்வது கஷ்டம். மீன் செத்த பிறகும் அதன் குடலில் இருக்கும் செரிமான நொதிகள் வேலையை நிறுத்துவதில்லை. இரைக்குப் பதில் வயிற்றுச் சதையையே கரைக்கின்றன. மத்தி, கானாங்கெளுத்தி மாதிரி நிறைய இரை தின்னும் சிறு மீன்களுக்கு வயிற்றுத் தோல் மெல்லியது, அதனால் சீக்கிரம் வெடிக்கும். நடுமுள்ளை ஒட்டிய செம்பழுப்பும் அப்படித்தான். இரத்தக் குழாயிலிருந்து இரத்தம் மெல்லக் கசிந்து சதையில் இறங்கியதன் அடையாளம் அது. தண்ணீர் தெளித்து மீனைப் பளபளக்க வைக்கலாம், செவுளில் இரத்தம் பூசலாம், செவுளையே பிய்த்துப் போட்டுவிட்டும் விற்கலாம். நடுமுள் ஓரத்தை யாரும் ஒன்றும் செய்ய முடியாது.

வாடையும் முக்கியம். கடல் மீனின் சதையில் வாசனையில்லாத ஒரு பொருள் இயற்கையாகவே இருக்கிறது. பாக்டீரியா பெருகும்போது அது டிரைமெத்தில் அமின் ஆக மாறுகிறது. நாம் மீன் வாடை என்று சொல்லும் கவிச்சி அதுதான். பிடித்த அன்றைய மீனில் கடல் வாசம்தான் இருக்கும். நாள்பட நாள்படக் கவிச்சி ஏறி, பிறகு புளித்து, கடைசியில் அமோனியா நெடி வரும்.

இதில் கானாங்கெளுத்தியைத் தனியாகச் சொல்லவேண்டும். சூரை, மத்தி, வஞ்சிரம், கானாங்கெளுத்தி ஆகிய மீன்களின் சதையில் ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலம் அதிகம். குளிர் விட்டுப்போனால் பாக்டீரியா அதை ஹிஸ்டமினாக மாற்றிவிடும். அந்த மீனைச் சாப்பிட்ட கொஞ்ச நேரத்தில் முகம் சிவந்து, உடம்பு அரித்து, தலைவலியும் படபடப்பும் வரும். மீன் அலர்ஜி என்று பலரும் நினைப்பதில் ஒரு பங்கு உண்மையில் இதுதான். கொதிக்கவைத்தாலும் பொரித்தாலும் ஹிஸ்டமின் அழியாது. ஆகவே, "புளி தூக்கலா போட்டுக் குழம்பு வைச்சா சரியாப் போயிடும்" என்று கடையில் சொல்லும் யோசனையைக் கேட்காதீர்கள். அந்த அம்மா குழம்பு வைக்கவில்லை.

கடைக்குப் போய்க் கடிதத்தைக் கொடுத்தபோது உரிமையாளரே இருந்தார். படித்துவிட்டுக் கொள்முதல் சீட்டை எடுத்துக் காட்டினார். மீன் மங்களூரிலிருந்து லாரியில் வந்தது. கடைக்கு வந்தே இரண்டு நாள் ஆகியிருந்தது. கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. நாட்டுப்படகும் ஃபைபர் படகும் கொண்டுவரும் மீன் ஊருக்குப் போதாது. மேற்குக் கடற்கரையில் தடை ஜூன் 1-ஆம் தேதிதான் தொடங்குகிறது என்பதால், மே மாதம் சென்னைக் கடைகளில் கேரள, கர்நாடக மீன் நிறைய வரும். அதில் தவறில்லை. அதைக் காசிமேட்டு மீன் என்று சொன்னதுதான் தவறு. உரிமையாளர் பணத்தைத் திருப்பிக் கொடுத்தார், பலகையையும் கழற்றினார். "இன்னிக்கு வந்தது" என்பதைப் பையன் "இன்னிக்குப் புடிச்சது" என்று சொல்லிவிட்டான் என்று சமாதானம் சொன்னார். அந்தச் சமாதானத்தை நான் ஏற்க மாட்டேன். வாங்குகிறவர் காசு கொடுப்பதே அந்த ஒரு சொல்லை நம்பித்தான்.

பதில் வராமல் போயிருந்தால்? கேட்டது ஒன்று, கொடுத்தது வேறு என்றால் உணவுப் பாதுகாப்புச் சட்டம் 2006-இன் 50-ஆம் பிரிவில் அபராதம் உண்டு. தமிழ்நாட்டில் உணவுப் பாதுகாப்புத் துறைக்கு 94440 42322 என்ற எண்ணில் வாட்ஸ்அப்பில் புகார் அனுப்பலாம். பணம் திரும்பப் பெற தேசிய நுகர்வோர் உதவி எண் 1915 இருக்கிறது. கடைக்காரர் பில் தர மறுத்தால், நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-இன்படி அந்த மறுப்பே முறையற்ற வணிகம்.

ஒரு விஷயம் பலருக்குத் தெரியாது. வீட்டு ஃப்ரீசரில் எடுத்துவைத்த மீன் வழக்குக்கு வலுவான சாட்சி ஆகாது. கடையைவிட்டு வந்தபின் நீங்கள் எப்படி வைத்திருந்தீர்கள் என்ற கேள்வி வரும். உணவுப் பாதுகாப்பு அலுவலர் கடைக்கே வந்து எடுக்கும் மாதிரிதான் நிற்கும். சொந்தச் செலவில் நீங்களே பகுப்பாய்வுக்குக் கொடுக்கவும் சட்டத்தின் 40-ஆம் பிரிவு இடம் தருகிறது. ஆனால் பரிசோதனைக்குக் கொடுக்கப்போகிறேன் என்று வாங்கும்போதே கடைக்காரரிடம் சொல்லியிருக்கவேண்டும்.

ஆகவே சந்தேகம் வந்தால் தாமதிக்காதீர்கள். பில்லையும் மீனையும் ஒன்றாக வைத்துப் படம் எடுத்து, அன்றைக்கே புகார் எழுதி அனுப்புங்கள். மறுநாள் அலுவலர் வரும்போது அந்தப் பெட்டி விற்றுத் தீர்ந்திருக்கும்.