சென்ட்ரல் லைன்: குறிப்பில் விடுபடுவது

“வலது கழுத்துச் சிரையில் சென்ட்ரல் லைன் போடப்பட்டது, சிக்கல் இல்லை.” ஐ.சி.யூ. குறிப்பு பெரும்பாலும் இவ்வளவுதான். அடுத்த ஷிஃப்ட் நர்ஸுக்கு இது போதாது. இதையே கேள்விகளாக உடைத்தால் விடுபட்டவை தெரியும். அல்ட்ராசவுண்ட் பார்த்து ஊசி போட்டார்களா? தோலில் தடவிய குளோர்ஹெக்சிடின் காய்ந்ததா? நோயாளியை முழுதாக மூடும் ஸ்டெரைல் துணி விரித்தார்களா? கைடு வயர் வெளியே வந்ததை யார் கண்ணால் பார்த்தது? கம்பி உள்ளேயே தங்கிவிட்ட சம்பவங்கள் உண்டு என்பதால், இந்தக் கேள்வியை விடவே கூடாது.

தோலருகே தெரியும் செ.மீ. குறியையும் எழுத வேண்டும். எண்கள் குழாயின் உள்முனையிலிருந்து தொடங்குகின்றன. நேற்று 15, இன்று 12 என்றால் குழாய் 3 செ.மீ. வெளியே நழுவியிருக்கிறது. அதை அப்படியே உள்ளே தள்ளக் கூடாது, கிருமியும் கூடவே போகும்.

ரத்த அழுத்த மருந்து நின்று, நோயாளி வாயால் சாப்பிடத் தொடங்கிவிட்டால், இன்றே லைனை எடுத்துவிடலாமா என்று ரவுண்ட்ஸில் தினமும் கேட்க வேண்டும்.