‘ரத்து’ என்றால் எது ரத்து?

திரையில் ஒரு சின்னப் பெட்டி வருகிறது. ‘சந்தாவை ரத்து செய்யவா?’ என்று கேட்கிறது. கீழே இரண்டு பொத்தான்கள்: ‘ரத்து’, ‘சரி’. எதை அழுத்துவது? ‘ரத்து’ என்றால் சந்தா ரத்தாகுமா, இல்லை இந்தப் பெட்டி மட்டும் மூடிக்கொள்ளுமா? என் அம்மா இப்படியொரு பெட்டியில் ‘ரத்து’ என்பதை அழுத்திவிட்டு, வேலை முடிந்தது என்று போனைக் கீழே வைத்துவிட்டார். அடுத்த மாதமும் பணம் போயிற்று. ஆப் தயாரிக்கும் வேலையில் இருக்கும் எனக்கு அது பெரிய உறுத்தல்.

குழந்தைகளுக்குக் கதை சொல்லும் சின்ன ஆப் ஒன்றை எடுத்துக்கொள்வோம். சந்தா மாதம் 149 ரூபாய். ஒருவர் ஜூன் 5ஆம் தேதி பணம் கட்டுகிறார், 12ஆம் தேதி நிறுத்த நினைக்கிறார். அவர் எதிர்பார்ப்பது இரண்டே விஷயம்தான். இனிமேல் பணம் எடுக்கக் கூடாது. கட்டிய பணத்துக்கு ஜூலை 4 வரை கதை கேட்க வேண்டும். நிறுத்தச் சொன்ன அன்றே கதைகளைப் பூட்டிவிட்டால், அவர் ஏமாற்றப்பட்டதாகத்தான் நினைப்பார்.

இதை இப்படிப் பார்த்தால், ‘நிச்சயமாகவா?’ என்று கேட்கும் பெட்டிக்கே வேலை இல்லை. நிறுத்துவதால் அன்றைக்கு எதுவும் பறிபோகவில்லையே. சந்தாவின் விலையும் அடுத்த கட்டணத் தேதியும் இருக்கும் அதே பக்கத்தில் ‘சந்தாவை நிறுத்து’ என்ற பொத்தான் இருக்கட்டும். தொட்டதும், அந்த இடத்திலேயே இப்படி வரட்டும்: ‘சந்தா நிறுத்தப்பட்டது. இனி பணம் எடுக்கப்படாது. ஜூலை 4 வரை கதைகளைக் கேட்கலாம்.’ கை தவறித் தொட்டவருக்கு, கீழேயே ‘மீண்டும் தொடர்’. இதே வாசகம் மின்னஞ்சலிலோ குறுஞ்செய்தியிலோ போக வேண்டும். பின்னால் தகராறு வந்தால் காட்ட அவர் கையில் ஏதாவது வேண்டும் அல்லவா? ஏன் விலகுகிறீர்கள் என்று கேட்பதானால், எல்லாம் முடிந்த பிறகு கேட்கலாம். கணக்கையே அழிப்பது வேறு விஷயம். அங்கே சேமித்ததெல்லாம் போய்விடும் என்பதால், ஒரு முறை கேட்டுக்கொள்வது நியாயம்.

சிக்கல் பெரும்பாலும் திரைக்குப் பின்னால்தான். நம் ஊரில் மாதச் சந்தாவுக்குப் பலர் வைத்திருப்பது யூபிஐ ஆட்டோபே. அதற்கான அனுமதி ஆப்பில் இல்லை, வங்கிப் பக்கம் இருக்கிறது. ஆப் தன் பதிவேட்டில் ‘நிறுத்தப்பட்டது’ என்று எழுதிக்கொண்டு, பணம் வசூலிக்கும் சேவைக்குச் சொல்லாமல் விட்டால், திரை ஒன்று சொல்லும், வங்கி இன்னொன்று செய்யும். அதனால் முதலில் அந்தச் சேவைக்குச் சொல்லி, அது சரி என்ற பிறகே ‘நிறுத்தப்பட்டது’ என்று காட்ட வேண்டும். பதில் வரவில்லையா? ‘உங்கள் கோரிக்கை வந்துவிட்டது, முடிந்ததும் தெரிவிக்கிறோம்’ என்று உண்மையைச் சொல்லிவிட்டு, பின்னால் முயன்றுகொண்டே இருக்க வேண்டும். நம் பதிவேட்டையும் வசூல் சேவையின் பட்டியலையும் தினமும் ஒப்பிட்டால், அங்கே மட்டும் உயிரோடிருக்கும் சந்தாக்கள் பணம் போவதற்கு முன்பே அகப்படும்.

ஆப்பிள் வழியாகச் சேர்ந்தவரின் நிலை வேறு. அந்தச் சந்தாவை ஆப் தயாரித்தவர் நிறுத்த முடியாது. சந்தாதாரர்தான் ஆப்பிளின் சந்தாப் பக்கத்தில் நிறுத்த வேண்டும். அப்படியானால் நம் பொத்தான் அவரை நேரே அந்தப் பக்கத்தில் கொண்டுபோய் விட வேண்டும். போனிலிருந்து ஆப்பை நீக்கினால் சந்தாவும் நின்றுவிடும் என்று நினைப்பவர்கள் நிறையப் பேர். ஆப்பிளிலும் சரி, கூகுள் பிளேயிலும் சரி, அப்படி நிற்காது. இதைச் சந்தா சேரும்போதே ஒரு வரியில் சொல்லிவிடலாம்.

சட்டமும் இந்தப் பக்கம்தான் நிற்கிறது. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பரில் அறிவித்த வழிகாட்டுதல்கள் 13 வகை ஏமாற்று வடிவமைப்புகளைப் பட்டியலிடுகின்றன. அவற்றில் ஒன்று ‘சந்தாப் பொறி’. நிறுத்தும் வழியை ஒளித்துவைப்பது, அதைச் சுற்றிச் சுற்றி நீட்டுவது இரண்டும் அதில் அடங்கும்.

ஆட்டோபேயில் பணம் எடுப்பதற்குக் குறைந்தது 24 மணி நேரம் முன்பே தகவல் வர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. அந்தச் செய்தியைப் பார்த்த பிறகுதான் பலருக்குச் சந்தா ஞாபகமே வரும். நம் கதை ஆப்பில் அது ஜூலை 4ஆம் தேதி. அன்று மாலை ஒருவர் நிறுத்தினால், வசூல் கோரிக்கை ஏற்கெனவே கிளம்பியிருக்கக்கூடும். அவரிடம் ‘நிறுத்தப்பட்டது’ என்று மட்டும் சொன்னால் போதாது. ‘நாளை 149 ரூபாய் கழிக்கப்பட்டால், அதைத் திருப்பி அனுப்பிவிடுவோம்’ என்ற வரியும் திரையில் வேண்டும். 5ஆம் தேதி பணம் போனால், அவர் கேட்கும்வரை காத்திராமல் அன்றே திருப்பி அனுப்ப வேண்டும்.