வேர்க்கடலையில் நான்கு சோதனைகள்

மாவுச்சத்து, சர்க்கரை, புரதம், கொழுப்பு ஆகிய நான்கையும் ஒரே பொருளில் தேடிப் பார்க்க வேர்க்கடலை ஏற்றது. பச்சைக் கடலையையே எடுக்க வேண்டும். வறுத்தால் அதன் பழுப்பு நிறம் சோதனையின் நிறத்தோடு கலந்து குழப்பும். சிவப்புத் தோலை நீக்குவதும் அதனால்தான். பருப்பை உலர்ந்த உரலில் இடித்து, ஒரு பங்கைக் கொழுப்புச் சோதனைக்காக ஈரம் படாமல் ஒதுக்கிவைக்கலாம். மீதியைக் குளிர்ந்த நீர் விட்டு அரைத்து வடிகட்டினால் சக்கையும் வடிநீரும் கிடைக்கும். மாவுச்சத்துத் துகள்கள் குளிர்நீரில் கரையாததால் சக்கையிலேயே தங்கும். சர்க்கரையும் புரதத்தின் பெரும்பகுதியும் வடிநீருக்கு வரும்.

செய்முறைப் பதிவேட்டில் சோதனை, காண்பன, அறிவன என்று மூன்று பத்திகள் இருக்கும். இரண்டாம் பத்தியில் கண்ணில் பட்ட நிறத்தை மட்டுமே எழுத வேண்டும். ‘மாவுச்சத்து தெரிந்தது’ என்று அங்கே எழுதுவது தவறு. தெரிந்தது நிறம், மாவுச்சத்து என்பது அதிலிருந்து வந்த முடிவு.

முதலில் அயோடின். பொட்டாசியம் அயோடைடு சேர்த்த அயோடின் கரைசலில் இரண்டு சொட்டைச் சக்கையின் மேல் விட்டால், பழுப்பு நிறமே மேலோங்கி நிற்கும்; உற்றுப் பார்த்தால் ஆங்காங்கே கருநீலப் புள்ளிகள் தென்படும். மாவுச்சத்து சிறிதளவு உண்டு என்பது முடிவு. பக்கத்தில் உருளைக்கிழங்குத் துண்டு ஒன்றையும் வைத்துச் சொட்டு விட்டால் வேறுபாடு விளங்கும். அது முழுவதுமே கறுத்துவிடும். மாவுச்சத்தின் சுருள் வடிவ இழைக்குள் அயோடின் போய் அமர்வதால்தான் நீலம் பிறக்கிறது. சூடேற்றினால் சுருள் தளர்ந்து நிறம் மறையும் என்பதால் இதைக் குளிர்ந்த நிலையிலேயே செய்ய வேண்டும்.

அடுத்தது சர்க்கரை. கடலையை மென்றால் லேசான இனிப்பு தெரிகிறது. ஆனால் இரண்டு மில்லி வடிநீரில் அதே அளவு பெனடிக்ட் கரைசல் சேர்த்துக் கொதிநீரில் ஐந்து நிமிடம் வைத்தாலும் செங்கல் நிறம் வருவதில்லை. நீலம் ஏறக்குறைய அப்படியே நிற்கும். சில சமயம் ஊதாச் சாயல் தட்டும். அந்த ஊதாவைச் சர்க்கரையின் அடையாளமாகக் கொள்ளக்கூடாது. பெனடிக்ட் கரைசலில் காரமும் தாமிரமும் இருப்பதால் புரதம் தரும் நிறம் அது.

இந்த இடத்தில் ‘சர்க்கரை இல்லை’ என்று எழுதிவிட்டு நகர்ந்தால் பதிவேடு பொய்யாகிவிடும். பெனடிக்ட் கரைசல் குளுக்கோஸ் போன்ற ஒடுக்கும் சர்க்கரைகளை மட்டுமே காட்டும். அவை தாமிர அயனியை ஒடுக்கிச் சிவந்த தாமிர ஆக்சைடாக வீழ்த்துகின்றன. கடலையின் இனிப்புக்குப் பெரும்பாலும் காரணமான சுக்ரோஸுக்கு அந்தத் திறன் இல்லை. அதனால் இன்னொரு குழாய் வடிநீரில் நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் சில சொட்டு விட்டுச் சில நிமிடம் கொதிக்கவைக்க வேண்டும். சுக்ரோஸ் உடைந்து குளுக்கோஸும் ஃப்ரக்டோஸும் ஆகும். ஆறியதும் சோடியம் பைகார்பனேட்டை நுரைப்பு நிற்கும்வரை சிறிது சிறிதாகப் போட வேண்டும். அமிலம் மிஞ்சினால் பெனடிக்ட் சோதனை நடக்காது. இப்போது பெனடிக்ட் சேர்த்துச் சூடாக்கினால் பச்சை, மஞ்சள், செம்மஞ்சள் என்று நிறம் ஏறும்.

அதன் பிறகும் ஒரு சந்தேகம் மிஞ்சுகிறது. அமிலத்தில் மாவுச்சத்தும் உடைந்து சர்க்கரையாகும் அல்லவா? ஆகும். அதனால்தான் அமிலம் விடும் முன்பே வடிநீரில் தனியாக அயோடின் சோதனை செய்து, நீலம் வரவில்லை என்று பதிவு செய்ய வேண்டும். அந்த ஒரு வரி இல்லாவிட்டால் சுக்ரோஸ் என்ற முடிவு நிற்காது.

புரதத்துக்கு பையூரெட் சோதனை. வடிநீரில் சம அளவு சோடியம் ஹைட்ராக்சைடு கரைசல் கலந்து, ஒரு சதவீத தாமிர சல்பேட்டை இரண்டு மூன்று சொட்டு மட்டும் விட்டுக் குலுக்க வேண்டும். சூடேற்றத் தேவையில்லை. கடலை வடிநீர் தெளிவான ஊதாவாக மாறும். சொட்டுகள் கூடினால் தாமிர சல்பேட்டின் நீலமே ஊதாவை மூடிவிடும்; வெறும் நீரில் செய்த குழாயோடு ஒப்பிட்டால் ஏமாற்றம் இராது. காரம் தோலை அரிக்கும் என்பதால் கையில் பட்டால் உடனே கழுவ வேண்டும்.

கொழுப்புக்கு, உலர்த்தி வைத்த பங்கை எத்தனாலில் போட்டு நன்கு குலுக்கி, தூள் அடியில் படிந்ததும் மேலே உள்ள தெளிந்த திரவத்தை மட்டும் நீரில் ஊற்ற வேண்டும். நீர் பால்போல வெளுக்கும். எத்தனாலில் கரைந்திருந்த எண்ணெய் நீரில் கரையாமல் நுண்துளிகளாகச் சிதறி ஒளியைச் சிதறடிப்பதே காரணம். தூளும் சேர்ந்து விழுந்தால் அதன் கலங்கலே வெண்மையாகத் தோன்றும். எத்தனால் எளிதில் தீப்பிடிப்பது. பெனடிக்ட் சோதனையின் அடுப்பை அணைத்த பிறகே இதைத் தொடங்க வேண்டும்.

நான்குக்கும் ‘உண்டு’ என்ற விடை கிடைத்தாலும் எது எவ்வளவு என்று இந்தச் சோதனைகள் சொல்வதில்லை. வேர்க்கடலையின் எடையில் ஏறத்தாழப் பாதி கொழுப்பு, கால் பங்கு புரதம். அந்த அளவுகளைக் குழாயின் நிறத்திலிருந்து பெற முடியாது. கொழுப்பைக் கரைப்பானில் முழுவதும் பிரித்தெடுத்து எடை போட்டும், புரதத்தை அதன் நைட்ரஜன் அளவிலிருந்து கணக்கிட்டுமே அவை கிடைக்கின்றன.