உரைகல்லும் உரத்த குரலும்

பத்து நிமிடக் குறும்படத்துக்குத் திரைக்கதை எழுத உட்காருகிறவர்கள் பெரும்பாலும் முதலில் பிடிப்பது கதையின் திருப்பத்தைத்தான். பிறகு அந்தத் திருப்பத்துக்குத் தோதாக ஒரு ஆளைச் செய்கிறார்கள். படம் முடிந்ததும் திருப்பம் நினைவிருக்கும், ஆள் மறந்துபோவார். இதைத் தவிர்க்கத்தான் முதல் டிராஃப்டுக்கு முன்பே நாயகனின் வாழ்க்கைக் குறிப்பை எழுதிவைக்கும் பழக்கம் வந்தது.

ஹங்கேரியில் பிறந்து அமெரிக்காவில் நாடகம் கற்பித்த லாயோஷ் எக்ரி, 1946இல் வெளியான தன் நூலில் இதற்கு ஒரு வழி சொன்னார். பாத்திரத்தின் உடல், சமூகப் பின்னணி, மனம் ஆகிய மூன்றையும் தனித்தனியே எழுதிப் பார்க்க வேண்டும் என்பது அது. இன்றும் பல திரைக்கதை வகுப்புகளில் இதன் ஏதோவொரு வடிவம் புழங்குகிறது. சிக்கல், பலர் இதை விண்ணப்பப் படிவம்போல நிரப்புவதில் இருக்கிறது. பிடித்த நிறம் நீலம், ராசி விருச்சிகம் என்று எழுதி என்ன பயன்?

ஒரு கற்பனை நாயகனை எடுத்துக்கொள்வோம். சின்ன ஊர் வங்கியொன்றில் நகை மதிப்பீட்டாளர். வயது 48. அடகுக்கு வரும் நகையை உரைகல்லில் தேய்த்து, அமிலம் விட்டு, தங்கமா கவரிங்கா என்று சொல்வது அவர் வேலை. போலி தெரிந்தால் வரிசைக்கே கேட்கும்படி, "கவரிங்மா இது!" என்பார். இதுவரை எழுதியது வெறும் ஆள் அடையாளம். இனி கேட்க வேண்டிய கேள்வி: ஏன் சத்தமாகச் சொல்கிறார்?

கோபக்காரர் என்று எழுதினால் அங்கேயே கதை நின்றுவிடும். இன்னும் தோண்டலாம். அவருடைய அப்பாவும் மதிப்பீட்டாளர்தான். ஒருமுறை அவர் கைதவறி ஒரு போலிச் சங்கிலிக்குச் சான்று கொடுத்துவிட்டார். "நீயும் கூட்டாளிதானே?" என்று கடைத்தெருவில் நாலு பேர் முன்னால் கேட்டார்கள். அதன் பிறகு அப்பா பட்டறையைத் திறக்கவில்லை. அப்போது மகனுக்கு 19 வயது. தன்மேல் யாரும் சந்தேகப்பட இடமிருக்கக் கூடாது என்றுதான் இவர் ஊரறியச் சொல்கிறார். ஆனால் அப்பாவுக்குத் தெருவில் நடந்ததையே, கவுண்டருக்கு அந்தப் பக்கம் நிற்கிறவர்களுக்கு இவர் தினமும் செய்துகொண்டிருக்கிறார். அது அவருக்குத் தெரியவில்லை.

வாழ்க்கைக் குறிப்பு இங்கே வந்து சேர்ந்ததும் கேரக்டர் ஆர்க் பாதி கிடைத்துவிடுகிறது. அவர் விரும்புவது தன் கையெழுத்துக்குக் களங்கம் வராமல் இருப்பது. அவருக்குத் தெரிய வேண்டியது, எதிரே நிற்பவருக்கும் மானம் உண்டு என்பது. இந்த இரண்டும் மோதும் நாள் ஒன்றைக் கண்டுபிடித்தால் அதுதான் படம். மகளின் கல்லூரிக் கட்டணத்துக்காக ஒரு அம்மா சங்கிலி கொண்டுவருகிறார். கல்லில் தேய்த்தால் போலி. அம்மாவுக்கு அது தெரியாது. பக்கத்தில் நிற்கும் மகன் தலைகுனிந்து நிற்பதிலிருந்து, மாற்றி வைத்தது யார் என்று மதிப்பீட்டாளருக்குப் புரிகிறது. வரிசையில் ஒருவர் பொறுமையிழந்து, "என்ன, கவரிங்கா?" என்று கேட்கிறார்.

இந்த இடத்தில் புதியவர்கள் மனம் இளகிக் கடனுக்குச் சிபாரிசு செய்யவைத்துவிடுவார்கள். அது நம்பும்படி இராது. 48 வயது மனிதரின் 29 ஆண்டுப் பழக்கம் ஒரு மதியத்தில் அவ்வளவு தூரம் புரளாது. சிபாரிசு செய்தால் அது மோசடியும்கூட. அவர் சங்கிலியைத் தாளில் மடித்துத் திருப்பிக் கொடுத்து, "சாயங்காலம் தனியா வாங்கம்மா, பேசுவோம்" என்று தணிந்த குரலில் சொன்னால் போதும். தொழில் நேர்மையில் மாற்றமில்லை, குரல் மட்டும் மாறியிருக்கிறது. இந்த மாற்றம் தெரிய வேண்டுமானால், முதல் காட்சியில் வேறொருவரின் மோதிரத்தை அவர் சத்தமாகப் போலி என்று சொல்வதைக் காட்டியிருக்க வேண்டும். அதே செயல் இரண்டாம் முறை வேறுவிதமாக நடக்கும்போதுதான் பார்வையாளருக்கு ஆர்க் கண்ணில் படும்.

இரண்டு பக்கம் எழுதிய குறிப்பில் படத்துக்குள் எவ்வளவு போக வேண்டும்? மிகக் கொஞ்சம். அப்பாவைப் பற்றி ஃபிளாஷ்பேக் வைத்தால் இரண்டு நிமிடம் போய்விடும். திரைக்கதையில் ஒரு பக்கம் திரையில் ஏறக்குறைய ஒரு நிமிடம் என்பது பொதுக்கணக்கு. அப்பாவின் தேய்ந்த உரைகல்லையே இவர் பயன்படுத்துகிறார் என்பதும், "உங்கப்பா காலத்துக் கல்லா சார்?" என்று வங்கி உதவியாளர் கேட்க இவர் பதில் சொல்லாததும் போதும். பார்வையாளருக்கு முழுக் காரணமும் தெரியாமல் போகலாம். நடிகருக்குத் தெரிந்திருந்தால் அந்த மௌனம் சரியான இடத்தில் விழும். அதனால் குறிப்பை அவரிடம் கொடுத்துவிடுவது நல்லது.

முதல் டிராஃப்ட் வந்த பிறகு குறிப்பையும் அதையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நாயகன் தன் கடந்தகாலத்தைத் தானே வாய்விட்டு விளக்குகிறார் என்றால், குறிப்பு காட்சியாக மாறாமல் வசனத்தில் கசிந்திருக்கிறது. அவருக்குப் பதில் வேறொரு மதிப்பீட்டாளரை உட்கார வைத்தாலும் கடைசிக் காட்சி அப்படியே நடக்கும் என்றால் குறிப்பு இன்னும் ஆழம் போகவில்லை. அப்போது காட்சிகளைத் திருத்துவதைவிட, அந்த 19 வயதுக்குத் திரும்பிப் போய் எழுதுவதே வேகமான வழி.